நிலம் அடமானத்தில், நெல் யாருக்கு?

நிலத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கினால், அதில் விளையும் நெல் யாருக்கு? நீங்கள் எழுதிக்கொடுக்கும் பத்திரத்தைப் பொறுத்தது!

சாதாரண அடமானம் என்றால் நிலமும் விளைச்சலும் உங்களிடமே இருக்கும். பணம் திரும்பாவிட்டால், கடன் கொடுத்தவர் கோர்ட் மூலமாகத்தான் நிலத்தை ஏலத்துக்குக் கொண்டுவர முடியும்.

ஒத்தி, போக்கியம் என்கிறோமே, அதுதான் சுவாதீன அடமானம். நிலம் கடன் கொடுத்தவர் கைக்குப் போகும். வட்டிக்குப் பதிலாக விளைச்சலை அவர் எடுத்துக்கொள்வார். ஆனால் நிலத்தை விற்றுத் தரச் சொல்லி வழக்குப் போட பொதுவாக அவருக்கு உரிமை கிடையாது.

வில்லங்கமே மூன்றாவது வகையில்தான். நிபந்தனை விற்பனை அடமானம், பார்ப்பதற்கு அசல் கிரயப் பத்திரம் மாதிரியே இருக்கும். கெடு தவறினால், கோர்ட் தீர்ப்பு வாங்கி நிலத்தைத் தனதாக்கிக்கொள்ளக் கடன் கொடுத்தவருக்கு வழி உண்டு. ‘கெடுவுக்குள் பணம் கட்டினால் நிலத்தைத் திருப்பி எழுதித் தருவேன்’ என்ற நிபந்தனை அந்தப் பத்திரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். தனித் தாளில் எழுதி வாங்கினால், சட்டப்படி அது அடமானமே இல்லை. 1929-இல் வந்த திருத்தம் அப்படித்தான் சொல்கிறது.

அதனால் கையெழுத்துப் போடுமுன், அந்த வரி பத்திரத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.