பெயரில்லாப் பேச்சும் பெயருள்ள கூட்டக் குறிப்பும்

ஒலிப்பதிவிலிருந்து பெறப்படும் எழுத்துப்படியில் பேசியவர் பெயர் இல்லையெனில், எவர் எதைச் சொன்னார் என ஊகித்து எழுதும் ஆவல் நமக்கு எழுகிறது. ஆனால் கூட்டக் குறிப்பு பேச்சின் பிரதியன்று. முடிவு, அதற்கான காரணம், அடுத்த பணி ஆகியவற்றின் பதிவு அது. ஆகவே பெயர் எங்கே இன்றியமையாதது என்பதை முதலில் வரையறுப்போம். பணியை ஏற்றவர், தீர்மானத்தை முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், தம் மறுப்பைப் பதியக் கோரியவர் ஆகியோரின் பெயர்கள் தேவை. பிற கருத்துகளுக்குப் பெரும்பாலும் பெயர் வேண்டியதில்லை.

ஒரு செயலவைக் கூட்டத்தின் எழுத்துப்படியில் இவ்வாறு இருப்பதாகக் கொள்வோம்:

"மண்டபத்துக்கு 800 வெள்ளி கேக்குறாங்க, நம்மால முடியாது."
"பள்ளி அரங்கத்தக் கேக்கலாமே?"
"சரி, நான் புதன்கிழமைக்குள்ள கேட்டுச் சொல்றேன்."
"பொருளாளரே, 500 வெள்ளிக்குள்ள முடிஞ்சா போதுமா?"
"போதும்."

"பொருளாளரே" என்னும் விளி, கேட்கப்பட்டவரைக் காட்டுகிறதேயன்றிக் கேட்டவரைக் காட்டவில்லை. "போதும்" என்றவர் பொருளாளராக இருக்கலாம். வேறொருவர் முந்திக்கொண்டும் விடையளித்திருக்கலாம். "நான்" என்றவர் பணியை ஏற்றது உறுதி. அவர் யாரென்பது உறுதியன்று. வரி மாறியதால் ஆள் மாறினார் என்றும் கொள்ளலாகாது. இடைநிறுத்தத்தில் வரி பிரிக்கப்பட்டிருந்தால், ஒருவர் பேச்சே இரண்டு வரிகளாகியிருக்கும். இருவர் பேச்சு ஒரே வரியில் கலந்துமிருக்கும்.

இப்பகுதியை நாம் இவ்வாறு எழுதலாம்:

"மண்டப வாடகை 800 வெள்ளி என்றும் அதனை ஏற்க இயலாது என்றும் தெரிவிக்கப்பட்டது. பள்ளி அரங்கைக் கேட்கும் யோசனை முன்வைக்கப்பட்டது. ஓர் உறுப்பினர் புதன்கிழமைக்குள் விசாரித்துத் தெரிவிக்க ஒப்புக்கொண்டார் (பெயர்: உறுதிசெய்க, ஒலிப்பதிவில் 14 நிமிடம் 20 விநாடி). செலவு 500 வெள்ளிக்குள் அமைந்தால் போதும் எனக் கூறப்பட்டது (தீர்மானமா? தலைவர் உறுதிசெய்க)."

இறுதி அடைப்புக்குறியைக் கவனிக்க வேண்டும். "போதும்" என்ற ஒரு சொல் தீர்மானமாகாது. "சரி" என்பதும் பலவேளைகளில் "கேட்டுக்கொண்டேன்" என்றே பொருள்படும். அவற்றை "ஒருமனதாக ஏற்கப்பட்டது" என எழுதினால், நடவாத ஒன்றை நடந்ததாக்கிவிடுவோம்.

வெற்றிடங்களை நிரப்ப, குறித்த நேரத்தில் ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்கலாம். குரலை நன்கறிந்தவர் இருந்தாலன்றி அதுவும் சான்றாகாது. எனவே வரைவை உறுப்பினர்களுக்கு அனுப்பும்போது, "திருத்தம் இருப்பின் தெரிவிக்கவும்" எனப் பொதுவாகக் கேளாமல், "பள்ளி அரங்கை விசாரிக்க ஒப்புக்கொண்டவர் யார்?" எனக் குறிப்பிட்டுக் கேட்போம். ஒருவர் தாமே என்று ஒப்பினால் அவர் பெயரை இடுவோம். எவரும் ஒப்பாவிடில் அப்பணிக்குப் பொறுப்பாளர் இல்லை என்பது வெளிப்படும். புதன்கிழமைக்கு முன்பே அது தெரியவந்தால், தலைவர் ஒருவரை நியமிக்க இயலும். ஊகித்த பெயர் அங்கே இருந்திருப்பின், இக்குறையை எவரும் கண்டிருக்கமாட்டார்.