'எத்தனை தடவை சொல்றது?' - ஆபீஸ் மெசேஜில் கோபத்தை மட்டும் எடுப்பது எப்படி?

"அண்ணா, ஜூன் பில் இன்னும் வரல. எத்தனை தடவை சொல்றது? நாளைக்குள்ள கண்டிப்பா அனுப்புங்க. இல்லன்னா நான் பொறுப்பில்ல."

திருப்பூரில் ஒரு சின்ன பின்னலாடை நிறுவனம். அங்கே கணக்குப் பிரிவில் இருக்கும் இளம்பெண், விற்பனையைக் கவனிக்கும் சீனியருக்கு ஜூலை 8, புதன்கிழமை காலையில் இப்படி ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கேட்பதில் தவறே இல்லை. ஆனால், படித்ததும் அந்த அண்ணனுக்கு பில் ஞாபகம் வராது. 'நேத்து வந்த பொண்ணு, என்னையே கேக்குதா?' என்பதுதான் முதலில் வரும்.

இந்த மெசேஜில் உள்ள கோபத்தை எடுக்க வேண்டும். வேலையும் கெடுவும் அப்படியே இருக்க வேண்டும். அதற்கு, கோபம் எந்த வார்த்தையில் உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

சுடுவது எது?

பலரும் 'அனுப்புங்க' என்ற சொல்தான் கட்டளை போல இருக்கிறது என்று நினைத்து, அதோடு ஒரு 'ப்ளீஸ்' சேர்ப்பார்கள். உண்மையில் 'அனுப்புங்க' என்பதிலேயே மரியாதை இருக்கிறது. 'எத்தனை தடவை சொல்றது? ப்ளீஸ் அனுப்புங்க' என்று எழுதினால் சூடு குறையாது, கிண்டல்தான் கூடும்.

சுடுவது மற்ற இரண்டு வரிகள். 'எத்தனை தடவை சொல்றது?' என்பது பதில் எதிர்பார்க்காத கேள்வி. நேரில் சிரித்துக்கொண்டே கேட்டால் அது செல்லக் கோபம். திரையில் முகம் தெரியாது, அதனால் வெறும் குற்றச்சாட்டாக நிற்கும். 'இல்லன்னா நான் பொறுப்பில்ல' என்பது மிரட்டல். இந்த இரண்டையும் நீக்கினால் கேட்கும் விஷயத்தில் ஓர் எழுத்துகூடக் குறையாது.

அதோடு, 'நீங்க அனுப்பல' என்று சொல்வதற்கும் 'பில் எனக்கு வந்து சேரல' என்று சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. முதலாவதில் ஆள் குற்றவாளி. இரண்டாவதில் பில்தான் காணோம். ஒருவேளை அவர் ஏற்கெனவே வேறு யாரிடமாவது கொடுத்து அனுப்பியிருந்தாலும், இரண்டாவது வாக்கியம் பொய்யாகாது.

கடுமையான மெசேஜ், தெளிவான மெசேஜ் அல்ல

இன்னொரு முறை அந்த மெசேஜைப் படித்துப் பாருங்கள். 'ஜூன் பில்' என்றால் எந்த பில்? எல்லாமா, சிலதா? 'நாளைக்குள்ள' என்றால் காலையா, ராத்திரி 11 மணியா? ஏன் இந்த அவசரம்? எதற்கும் அதில் பதில் இல்லை. கோபம் இருந்ததால், எழுதியவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்ட திருப்தி வந்துவிட்டது. அவ்வளவுதான்.

அவசரத்துக்கு உண்மையான காரணம் இருக்கிறது. மாதாமாதம் ஜி.எஸ்.டி தாக்கல் செய்யும் நிறுவனங்கள், ஒரு மாதத்தின் விற்பனை பில்களை அடுத்த மாதம் 11-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் ஏற்ற வேண்டும். அதில் விடுபட்ட பில், சரக்கு வாங்கிய கடைக்காரரின் கணக்கில் அந்த மாதம் தெரியாது. அவர் கட்டிய வரிக்கான இன்புட் கிரெடிட்டை எடுக்க அடுத்த மாதம்வரை காத்திருக்க வேண்டும். அந்த அண்ணன் நாளை ஆர்டர் கேட்டுப் போகப்போவது அதே கடைக்காரரிடம்தான். 'நான் பொறுப்பில்ல' என்பதைவிட இந்த ஒரு தகவல் அவரை வேகமாக நகர்த்தும்.

ரொம்பக் குழைந்தாலும் ஆபத்து

திட்டக் கூடாது என்று நினைப்பவர்கள் எதிர்ப்பக்கம் போய் விழுவதும் உண்டு. "அண்ணா, டிஸ்டர்ப் பண்றதுக்கு சாரி. டைம் கிடைக்கும்போது, முடிஞ்சா அந்த பில் அனுப்ப முடியுமா? அவசரம் இல்ல."

இதைப் படித்தவர் 'சரிம்மா' என்று கட்டைவிரலைப் போட்டுவிட்டு மறந்துவிடுவார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. 'டைம் கிடைக்கும்போது' என்ற சொல் கெடுவை அழித்துவிட்டது. 'முடிஞ்சா' என்பது வேலையையே அவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டது.

அதே நேரம், 'கொஞ்சம் அனுப்பிடுங்க' என்று எழுதினால் எதுவும் குறையவில்லை. 'கொஞ்சம்' என்று சொன்னதால் யாரும் பாதி பில்லை அனுப்பப்போவதில்லை. ஆக, கேட்கும் விதத்தை மென்மையாக்கும் சொல்லைத் தாராளமாகப் போடலாம். நேரத்தையும் கடமையையும் தளர்த்தும் சொல்லைத்தான் தொடக் கூடாது. 'அனுப்பவும்' என்ற சொல் கடிதத்தில் மரியாதையானதுதான். வாட்ஸ்அப்பில், தினம் பேசிப் பழகும் அண்ணனுக்கு அனுப்பினால் நோட்டீஸ் போல இருக்கும்.

மாற்றி எழுதிய மெசேஜ்

"வணக்கம் அண்ணா. ஜூன் மாச பில்லுல 214, 217, 221 மூணோட காப்பியும் எனக்கு வந்து சேரல. சனிக்கிழமை 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 கடைசி நாள். இது ஏறலைன்னா கடைக்காரங்களுக்கு இந்த மாசம் இன்புட் கிரெடிட் கிடைக்காது. வெள்ளிக்கிழமை என்ட்ரி போட்டு சரிபார்க்கணும், அதனால நாளைக்கு வியாழன் சாயந்திரம் 4 மணிக்குள்ள கொஞ்சம் அனுப்பிடுங்கண்ணா. போட்டோ எடுத்து அனுப்பினாலே போதும். ஏதாவது ஒண்ணு கையில இல்லன்னா இன்னைக்கே சொல்லிடுங்க, நான் கடையில கேட்டு வாங்கிக்கிறேன்."

இது முதல் மெசேஜைவிட நீளம். ஆனால் கெடு அதைவிட இறுக்கமானது. 'நாளைக்குள்ள' என்பது 'வியாழன் சாயந்திரம் 4 மணி' ஆகிவிட்டது. கடைசி நாள் சனிக்கிழமை என்பதை மறைக்காமல், வியாழன் ஏன் என்பதையும் சொல்லியிருக்கிறது. வியாழன்தான் கடைசி நாள் என்று பொய் சொல்லியிருந்தால், உண்மை தெரிந்த பிறகு அடுத்த மாதம் அவர் எந்தக் கெடுவையும் நம்ப மாட்டார். 'கையில இல்லன்னா சொல்லிடுங்க' என்ற வரியும் முக்கியம். பில்லைத் தொலைத்துவிட்டவர் பயந்து பதிலே போடாமல் இருப்பதை அது தடுக்கும்.

4 மணிக்கும் வரவில்லை என்றால்?

இன்னொரு நீளமான மெசேஜ் வேண்டாம். போன் செய்வதுதான் நல்லது. எடுக்கவில்லை என்றால், "அண்ணா, 217 மட்டும் பாக்கி. நாளைக்கு காலைல 10 மணிக்கு என்ட்ரி ஆரம்பிக்கிறேன்" என்று ஒரே வரி போதும். ஆபீஸ் குரூப்பில் பேர் போட்டுக் கேட்டால், எவ்வளவு பணிவாக எழுதினாலும் பத்துப் பேர் முன்னால் கேட்டதாகத்தான் அவருக்குத் தோன்றும். அப்போதும் வரவில்லை, முதலாளியிடம் சொல்லியே ஆக வேண்டும் என்றால், "சார்கிட்ட சொல்லிடுறேண்ணா, இல்லன்னா தாக்கல் நின்னுடும்" என்று அவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். முதுகுக்குப் பின்னால் போனதாக இருக்கக் கூடாது.

அனுப்பும் பட்டனைத் தொடும் முன் இரண்டு சோதனைகள். மெசேஜை ஒருமுறை கோபக் குரலில் வாசித்துப் பாருங்கள். அப்போதும் திட்டுவது போல ஒலிக்காத மெசேஜ், படிப்பவர் எந்த மனநிலையில் இருந்தாலும் தாங்கும். பிறகு 'வணக்கம்', 'கொஞ்சம்', 'அண்ணா' எல்லாவற்றையும் மனதுக்குள் நீக்கிவிட்டு வாசியுங்கள். என்ன வேண்டும், எப்போது வேண்டும், ஏன் வேண்டும் என்ற மூன்றும் மிஞ்சினால், அனுப்பிவிடலாம்.