கட்டைவிரல் நகத்தில் ஒரு ரயில்

நண்பர் ஒருவர் இரவு ரயில் பயணங்களைப் பற்றி பாட்காஸ்ட் தொடங்கினார். பெயர் 'ராத்திரி ரயில்'. அட்டைப்படத்துக்கு ஓவியரைத் தேடாமல், எழுதிக் கொடுத்தால் படம் வரைந்து தரும் மிட்ஜர்னி செயலியிடம் போனார். மழை பெய்யும் பிளாட்பாரம், தேநீர்க்காரர், மூட்டையோடு ஒரு பாட்டி, தூரத்தில் ரயில், மேலே நிலா என்று கேட்டதெல்லாம் வந்தது. கணினித் திரையில் சட்டம் போட்டு மாட்டலாம் போலிருந்தது. போனில் பாட்காஸ்ட் பட்டியலில் பார்த்தபோது சாம்பலைக் கொட்டிய மாதிரி ஒரு சதுரம், அவ்வளவுதான்.

இதற்குப் பின்னால் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஆப்பிள் பாட்காஸ்ட் கேட்பது 3000க்கு 3000 பிக்சல் சதுரம். பட்டியலில் அது ஏறத்தாழ 60 பிக்சலுக்குச் சுருங்குவதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் மூலப்படத்தின் 2500 புள்ளிகள் கலந்து ஒரே புள்ளியாகின்றன. மூலத்தில் 20 பிக்சல் தடிமனுள்ள கோடு பாதிப் புள்ளிகூடத் தேறாது, பக்கத்து நிறத்தோடு கரைந்துவிடும். நல்ல போன் திரை இதைவிடக் கூடுதலான புள்ளிகளைக் காட்டும்தான். ஆனால் பார்க்கும் கண்ணுக்குக் கிடைக்கும் இடம் கட்டைவிரல் நகத்தளவே.

நண்பர் செயலிக்குக் கொடுத்த குறிப்பில், சின்ன அளவிலும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அதனால் பெரிய பலன் இல்லை. படம் எங்கே, எந்த அளவில் தொங்கப்போகிறது என்பது செயலிக்குத் தெரியாது. சொல்லும் பொருளைத்தான் அது வரையும். 'பாட்காஸ்ட் அட்டை' என்று எழுதினால் இன்னும் வம்பு. மைக், ஹெட்ஃபோன், எந்த மொழியிலும் சேராத எழுத்துகள் எல்லாம் வந்து குந்திக்கொள்ளும். ஆகவே பயனைச் சொல்லாமல் கண்ணுக்குத் தெரிய வேண்டியதைச் சொல்ல வேண்டும்: ஒரே பொருள், அது சதுரத்தில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது, பின்னணி என்ன நிறம்.

இரண்டாவது முயற்சியில் கருநீல இருட்டில் ரயிலின் மஞ்சள் முகப்பு விளக்கு மட்டும் கேட்டோம். சுருக்கினாலும் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் அது ரயில் விளக்கா, நிலாவா, ஐந்து ரூபாய் நாணயமா என்று சொல்ல முடியவில்லை. மேலும் போனைக் கறுப்புப் பின்னணிக்கு மாற்றியதும் சதுரத்தின் விளிம்பே காணாமல் போனது. அதனால் இரவை விட்டுக்கொடுத்து, நிறத்தைத் தலைகீழாக்கினோம்:

```
Front view of one old railway engine,
flat solid black shape, one large round
white headlight in the middle, plain bright
yellow background, engine fills the lower
two-thirds, empty space above
--no text, people --ar 1:1
```

மஞ்சளில் கறுப்பு எஞ்சின், நடுவில் வெள்ளை வட்டம். கடைசி வரியை மட்டும் விளக்கிவிடுகிறேன். ஆட்கள் வேண்டாம் என்று வாக்கியத்துக்குள் எழுதினால், 'ஆட்கள்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆட்களையே வரைந்துவிடும் பழக்கம் இந்தச் செயலிகளுக்கு உண்டு. அதனால் மிட்ஜர்னியில் விலக்க வேண்டியவற்றை `--no` என்பதன் பின்னால் தனியாக எழுதுகிறோம். `--ar 1:1` என்பது சதுரம்.

மேலே காலியிடம் கேட்டது பெயருக்காக. தமிழ் எழுத்தை இந்தச் செயலிகளிடம் நம்பிக் கொடுக்க எனக்குத் துணிவில்லை. கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகத்தான் பெரும்பாலும் வரும். படத்தை முதலில் 3000 பிக்சலுக்குப் பெரிதாக்கிவிட்டு, பிறகு கான்வா போன்ற ஒன்றில் பெயரை நாமே பதித்தால் எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும்.

இங்கே தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு, அது புள்ளி. மெல்லிய எழுத்துருவில் முதலில் மறைவது அதுதான். 'ராத்திரி' என்பது 'ராததிரி' ஆகிவிடும். பலூ தம்பி போன்ற தடித்த எழுத்துரு தாங்கும். இரண்டு சொல்லையும் இரண்டு வரியாக வைத்தோம். கீழ்வரியின் புள்ளி மேல்வரியில் முட்டாதபடி இடைவெளியும் விட்டோம். 'வழங்குபவர் இன்னார்' என்ற வரியை நண்பர் மனமில்லாமல்தான் எடுத்தார். அதைத்தான் செயலி படத்துக்குப் பக்கத்திலேயே எழுதிக் காட்டுகிறதே! மூலைகளிலும் எதையும் வைக்கவில்லை, பல செயலிகள் அவற்றை வளைத்து வெட்டிவிடும்.

சோதனைக்கு, படத்தை 60 பிக்சலாக்கி, நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையில் பார்த்தோம். சிவப்பும் பச்சையும் கலரில் சண்டை போட்டாலும் சாம்பலில் ஒன்றாகிவிடும். மஞ்சளும் கறுப்பும் அப்படி ஏமாற்றவில்லை. பிறகு விஷயம் தெரியாத ஒருவரிடம் போனைக் கை நீட்டும் தூரத்தில் காட்டினோம். "ரயில்" என்றார். பெயரைப் படிக்க மட்டும் போனைக் கிட்டே இழுத்தார். எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினோம்.

புதிய படத்தை ஏற்றும்போது கோப்பின் பெயரையும் மாற்றிவிடுங்கள். பழைய பெயரிலேயே ஏற்றினால், சேமித்து வைத்திருக்கும் பழைய மழைப் படத்தையே செயலி காட்டிக்கொண்டிருக்கக்கூடும்.