முக்கோணத்துக்கு வெளியே ஒரு வட்டம்

முக்கோணத்தின் மூன்று பக்கங்களையும் உள்ளிருந்து தொடும் உள்வட்டத்தைப் பள்ளியில் வரைந்திருப்போம். அந்த மூன்று கோடுகளையும் இருபுறமும் நீட்டினால், அவற்றைத் தொடும் வேறு மூன்று வட்டங்கள் வெளியே கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தை வெளிப்புறமாகத் தொட்டுக்கொண்டு, மற்ற இரண்டின் நீட்சிகளையும் தொடும். இதுவே வெளிவட்டம்.

கட்டம் போட்ட தாளில் 3, 4, 5 செ.மீ. பக்கங்கள் கொண்ட செங்கோண முக்கோணத்தை வரையுங்கள். கர்ணத்தை வெளியே தொடும் வட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு புள்ளியிலிருந்து வட்டத்துக்கு வரையும் இரு தொடுகோடுகளும் சம நீளம். ஆகவே கர்ணத்தின் ஒரு முனையிலிருந்து 3 செ.மீ. பக்கத்தை எவ்வளவு நீட்டினால் வட்டத்தைத் தொடுமோ, அதே தூரம்தான் அந்த முனையிலிருந்து கர்ணத்தின் மேல் உள்ள தொடுபுள்ளிக்கும். மறுமுனைக்கும் இதே கதைதான். அதனால் செங்கோண முனையிலிருந்து செல்லும் இரு தொடுகோடுகளும் சேர்ந்து முழுச் சுற்றளவான 12 செ.மீ. ஆகின்றன, ஒவ்வொன்றும் 6. செங்கோணம் என்பதால் ஆரமும் 6 செ.மீ. தான். 3 செ.மீ. பக்கம் 3 நீள்கிறது, 4 செ.மீ. பக்கம் 2 நீள்கிறது. இரண்டும் சேர்ந்தால் கர்ணத்தின் 5.

செங்கோணம் இல்லாத முக்கோணத்துக்குப் பரப்பளவு கைகொடுக்கும். வெளிவட்ட மையத்தை மூன்று உச்சிகளோடும் இணையுங்கள். b, c பக்கங்களின் மேல் நிற்கும் இரு முக்கோணங்கள், நம் முக்கோணத்தோடு a பக்கத்துக்கு அப்பால் உள்ள முக்கோணத்தையும் சேர்த்தே மூடுகின்றன. அந்த மிகுதியைக் கழிக்க வேண்டும். மூன்றுக்கும் உயரம் ஆரம்தான். ஆகவே பரப்பளவு Δ, அரைச்சுற்றளவு s என்றால்:

Δ = ½ r (b + c − a)
r = Δ ÷ (s − a)

மாணவர்கள் வழுக்குவது இங்கேதான். கழிக்காமல் a-யையும் கூட்டிவிட்டால் கிடைப்பது உள்வட்ட ஆரம். நம் முக்கோணத்தில் Δ = 6, s = 6. கூட்டினால் 1 வரும்; கழித்தால் 6 ÷ (6 − 5) = 6. வெளிவட்டம் எப்போதும் உள்வட்டத்தைவிடப் பெரியது. விடை உள்வட்ட ஆரத்துக்குச் சமமாக வந்தாலே கணக்கு தவறு என்று அறியலாம். மற்ற இரு வெளிவட்டங்களின் ஆரங்கள் 2, 3. தலைகீழிகளைக் கூட்டினால் ½ + ⅓ + ⅙ = 1; அது உள்வட்ட ஆரத்தின் தலைகீழி. இது எல்லா முக்கோணத்துக்கும் பொருந்தும் என்பதால், விடையைச் சரிபார்க்க நான் முதலில் நாடுவது இதைத்தான்.

ஆனால் அளந்த எண்களை இந்தச் சூத்திரத்தில் போடும்போது கவனம் வேண்டும். பக்கங்கள் 3, 4, 6.9 செ.மீ. என்றால் s − a வெறும் 0.05, நீளமான பக்கத்தைத் தொடும் வட்டத்தின் ஆரம் சுமார் 40 செ.மீ. அந்தப் பக்கத்தை 6.8 என்று அளந்துவிட்டாலோ ஆரம் சுமார் 28 ஆகிவிடும். ஒரு மில்லிமீட்டர் பிசகு விடையை 12 செ.மீ. தள்ளிவிடுகிறது. இப்படித் தட்டையான முக்கோணத்தில் அளவுகோல் அளவை வைத்து ஆரம் கணக்கிடுவது நம்பத்தக்கதல்ல.