சாவியைத் திருப்பினால்

‘திறவுகோலைத் திருப்பினால் வெளிநாட்டுக்குள் நுழைய அனுமதி (2).’

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இந்த வரியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அக்காவிடம் நீட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே வாசித்தாள். “திறவுகோல்னா சாவி. சா, வி. அதைத் திருப்பினா… வி, சா. விசாவாடா?” என்றாள். கை கீரையிலேயே இருந்தது, முகம் மட்டும் மலர்ந்துவிட்டது.

இந்த வகைக் குறுக்கெழுத்தில் ஒவ்வொரு குறிப்பும் இரண்டு பங்காகப் பிரியும். ஒரு பங்கு விடையின் நேரான பொருளைச் சொல்லும். அது குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோதான் இருக்கும், நடுவில் வராது. மேலே உள்ள குறிப்பில் ‘வெளிநாட்டுக்குள் நுழைய அனுமதி’ என்பது அந்தப் பங்கு. மற்றது எழுத்துகளை வைத்துச் செய்யும் வேலை. அந்த வேலை என்ன என்று காட்டிக்கொடுப்பது ‘திருப்பினால்’ என்ற சொல். அடைப்புக்குள் இருக்கும் எண், விடைக்கு எத்தனை கட்டம் என்று சொல்கிறது.

லண்டன் ‘அப்சர்வர்’ பத்திரிகையில் 1926 முதல் டார்க்கிமாடா என்ற புனைபெயரில் எட்வர்ட் பவிஸ் மேத்தர்ஸ் இப்படிப்பட்ட புதிர்களை அமைத்தார். 1939-இல் அந்த இடத்துக்கு வந்த சிமெனிஸ் என்ற மக்நட், புதிர் அமைப்பவர் பிடிக்க வேண்டிய நேர்மை எது என்று 1966-இல் ஒரு புத்தகமே எழுதினார். தமிழில் அமெரிக்காவிலிருந்து வரும் ‘தென்றல்’ இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்கள் இந்த முறையில் அமைந்தவை. திருப்புவதும் வெட்டுவதும் நமக்குப் புதிதல்ல. முன்பின்னாக ஒன்றுபோலவே ஓடும் பாட்டுக்கு மாலைமாற்று என்றும், எழுத்தை ஒவ்வொன்றாக நீக்க நீக்கப் புதுச்சொல் பிறக்கும் பாட்டுக்கு அக்கரச் சுதகம் என்றும் தண்டியலங்காரம் பெயர் வைத்திருக்கிறது.

வெட்டும் குறிப்புகளில் தலையைக் கொய்வது ஒரு வகை, வாலை நறுக்குவது இன்னொரு வகை. ‘வாலறுந்த குதிரையே, தாவு (2)’ என்றால் குதிரையில் கடைசி எழுத்தான ‘ரை’ போய்க் ‘குதி’ நிற்கும். ‘தலைபோன பிள்ளையாரே தலைவர் (4)’ என்பதில் பிள்ளையாரை அப்படியே வெட்டக்கூடாது. விநாயகர் என்று மாற்றிக்கொண்டு ‘வி’யை எடுத்தால் நாயகர். புராணத்தில் தலை போனவரும் அவர்தான் என்பதால் இந்தக் குறிப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இந்த அடையாளச் சொற்கள் தமிழில் இயல்பாகவே இரட்டைப் பொருளோடு கிடைக்கின்றன. முதல் என்றால் முதலெழுத்து, வியாபாரத்தில் போட்ட பணமும்கூட. ‘முதலை இழந்த பட்டணத்தில் மிச்சம் கை (3)’ என்று வாசிக்கும்போது மனம் நொடித்துப்போன ஊருக்குப் போய்விடும். ஆனால் செய்ய வேண்டியது, நகரத்தில் ‘ந’வை நீக்கிக் கரம் என்று எழுதுவதுதான். ‘கடை’ என்பதும் அப்படியே. கடை மூடினார்கள் என்று குறிப்பில் வந்தால், பூட்டு தொங்கும் மளிகைக்கடையை மறந்துவிட்டுக் கடைசி எழுத்தை எடுத்துப் பாருங்கள்.

வெட்டும்போது எதை ஓர் எழுத்து என்று எண்ணுகிறோம் என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். எனக்கும் இது நடந்தது. ‘வாலறுந்த நிலக்கடலை, அலை வீசும் இடம்’ என்று எழுதி, கடலை வாலிழந்தால் கடல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா விரல் விட்டு எண்ணினாள். “க, ட, லை. லை போனா மிச்சம் ‘கட’. உனக்கு ‘ல்’ எங்கேருந்து வந்தது?” அவள் சொன்னது சரி. ‘லை’ ஒரு கட்டத்துக்குள் இருக்கும் ஒரே எழுத்து. அதிலிருந்து ஐகாரத்தை மட்டும் உருவி, மெய்யை விட்டுவைப்பது விதியை மீறுவது. காது கடல் என்று கேட்கிறது, கட்டம் ஒத்துக்கொள்வதில்லை. அந்தக் குறிப்பைக் கிழித்துப் போட்டேன்.

திருப்புவதில் இன்னும் பெரிய கட்டுப்பாடு இருக்கிறது. தமிழில் எந்தச் சொல்லும் மெய்யெழுத்தில் தொடங்காது. ஆகவே மெய்யில் முடியும் சொல்லை முழுதாகத் திருப்பி இன்னொரு சொல்லாக்கவே முடியாது. மரம், கடல், மகன், தேர் எல்லாம் அடிபட்டுப் போகின்றன. உயிரோசையில் முடிவனவற்றுக்குள்தான் தேட வேண்டும். சம்பந்தரின் திருமாலைமாற்றுப் பதிகத்தில் முதல் பாட்டை எடுத்துப் பார்த்தால், முழுப்பாட்டிலும் ஒரு மெய்கூடக் கிடையாது. மெய் நடுவில் இருந்தால் பாதகமில்லை. தத்தையை, அதாவது கிளியை, திருப்பிப் பாருங்கள், ‘தைத்த’ என்று வரும். இப்படி ஒரு ஜோடி அகப்படுகிற அன்று எனக்குச் சோறு இறங்காது.

விடுவிப்பவருக்கு வரும் உண்மையான சிக்கல், எந்தச் சொல்லைத் திருப்புவது என்பது. ஒரு தொடக்கக்காரர் அதே ஜோடியை ‘திறவுகோல் திரும்ப வெளிநாட்டு அனுமதி (2)’ என்று எழுதுகிறார் என்று வையுங்கள். ‘திரும்ப’ நடுவில் நிற்கிறது. திறவுகோல் திரும்ப, அனுமதி கிடைக்கிறதா? அல்லது திறவுகோல்தான் விடை, அதைப் பெற அனுமதியைத் திருப்ப வேண்டுமா? சாவியும் சரி, விசாவும் சரி, இரண்டும் இரண்டெழுத்து. குறுக்கே வரும் விடையிலிருந்து ‘வி’யோ ‘சா’வோ கிடைக்கும்வரை பேனாவை எடுக்க முடியாது. ஆங்கிலப் புதிர்களில் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும்.

தமிழில் அதைத் தீர்க்க ஓர் எழுத்தே போதும், ‘ஐ’ உருபு. ‘திறவுகோலைத் திருப்பினால்’ என்றதும் திரும்புவது எது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ‘வாலறுந்த’, ‘தலைபோன’ போன்ற பெயரெச்சங்களும் அடுத்து வரும் பெயரோடு ஒட்டிக்கொள்வதால், வெட்டுப்படுவது அந்தப் பெயர்தான். இதற்கு ஈடாக விடுவிப்பவர் ஒன்று செய்ய வேண்டும். ஒட்டியிருக்கும் உருபையும் சாரியையையும் கழற்றிவிட்டு மூலச்சொல்லை எடுக்க வேண்டும். ‘பட்டணத்தில்’ என்பதில் ‘அத்து’ம் ‘இல்’லும் இலக்கணத்துக்காக வந்தவை, புதிரில் அவற்றுக்குப் பங்கில்லை.

கட்டம் ஓடும் திசையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலிருந்து கீழாக வரும் விடைக்கு ‘மேலேறி’, ‘தலைகீழாக’ என்று சொல்லலாம். இடமிருந்து வலமாகப் போகும் விடைக்கு அவை பொருந்தா, ‘பின்னோக்கி’ போன்ற சொல்தான் சரி. அவசரத்தில் இதை மாற்றி எழுதிவிடுகிறவர்கள் உண்டு.

போன வாரம் அக்கா தானே ஒரு குறிப்பு எழுதி அனுப்பியிருந்தாள்: ‘வால் விழுந்த கௌளி, வாய்க்குள் இருப்பது (2).’ படித்ததும் வயிற்றைப் புரட்டியது. பிறகு கௌளியைப் பல்லி என்று எழுதி, ‘லி’யை அடித்தேன். மீதி இரண்டெழுத்தைப் பார்த்ததும் அவளுக்குப் போன் போட்டேன்.