படத்தில் இருப்பது விலங்குதானா?

2022-ஆம் ஆண்டு மே மாதம், மத்தியதரைக் கடலின் அரிய உயிரினங்கள் பற்றி ஓர் ஆய்விதழில் வெளியான கட்டுரையில், கிரேக்க நாட்டின் அனாஃபி தீவில் ஒரு கோப்ளின் சுறா கரை ஒதுங்கியதாகப் பதிவாகியிருந்தது. ஆழ்கடலில் வாழும் இந்தச் சுறா அதுவரை மத்தியதரைக் கடலில் காணப்பட்டதே இல்லை. ஆனால் ஆதாரம், 2020-இல் பொதுமக்களில் ஒருவர் எடுத்து அனுப்பிய ஒரே ஒரு படம். உடல் பாதுகாக்கப்படவில்லை. வேறு சுறா ஆய்வாளர்கள் அந்தப் படத்தைப் பார்த்ததும், இது பிளாஸ்டிக் பொம்மையாக இருக்கக்கூடும் என்றார்கள். கடையில் விற்கும் ஒரு பொம்மை அச்சு அசலாக அதைப் போலவே இருந்தது. 2023-இல் கட்டுரையாளர்களே அந்தப் பதிவைத் திரும்பப் பெற்றார்கள்.

நீண்டு துருத்திய மூக்கும் முன்னால் பாயும் தாடையும்தான் கோப்ளின் சுறாவின் அடையாளம். படத்தில் இரண்டும் இருந்தன. ஏமாற்றம் தொடங்கியது அங்கேதான். பொம்மை செய்பவர் கண்ணைக் கவரும் உறுப்பைக் கவனமாகச் செய்வார். கண் போகாத இடத்தில் சிக்கனம் பிடிப்பார். படத்திலிருந்த துடுப்புகள் தடித்து, ஓரம் மழுங்கி இருந்தன. செவுள் பிளவுகள் இருக்க வேண்டிய அளவுக்குத் தெரியவில்லை. கொலு பொம்மையின் விரல்கள் பிரியாமல் ஒட்டியிருப்பதற்கு என்ன காரணமோ, அதுவேதான் இதற்கும்: மெல்லிய பகுதி அச்சிலிருந்து முழுதாக வராது, வந்தாலும் எளிதில் உடையும். குழந்தையின் கையைக் குத்தாமல் இருக்க, கூர்மையையும் மழுக்கிவிடுவார்கள். ஆகவே ஒரு படத்தைச் சரிபார்ப்பவர் முகத்தை விட்டுவிட்டு, துடுப்பின் ஓரம், செவுள், வாலின் நுனி, வயிற்றின் நடுவே ஓடும் அச்சுக்கோடு ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கணினி உருவாக்கும் படத்திலும் இதே குணத்தைப் பார்க்கலாம். அண்மை ஆண்டுகளில் ‘மயில் குஞ்சு’ என்று பரவிய படங்களில், நீலக் கழுத்தும் சிறு தோகையுமாகப் பஞ்சு போன்ற ஒரு பறவை நின்றது. உண்மையான மயில் குஞ்சு மங்கிய பழுப்பு நிறம்தான். ஆண் மயிலுக்கே நீண்ட தோகை முழுமையாக வளரச் சுமார் மூன்று ஆண்டுகள் ஆகும். மயில் என்றால் நீலமும் தோகையும் என்ற பொதுக் கற்பனையைக் குஞ்சின் அளவுக்குச் சுருக்கித் தந்திருந்தது அந்தப் படம். படத்தில் பிழை தேடியவர்களுக்குச் சிறகு, கண், கால் எல்லாம் பொருந்தியே தோன்றியிருக்கலாம். பிடி கொடுத்தது வயதும் நிறமும் ஒத்துப்போகாததுதான். அதைக் காண, உயிரினத்தின் வாழ்க்கையைப் பற்றிய அறிவு தேவை.

‘நிஜ விலங்கும் ஊனமாகவோ அழுகியோ இருக்கலாமே?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கரை ஒதுங்கிய சுறாவின் துடுப்பு சிதைந்திருக்கலாம், செவுளும் மறைந்திருக்கலாம். அதனால்தான் ஒற்றை அடையாளத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது; படத்தோடு வரும் தகவல்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். அனாஃபி சுறாவின் நீளம் முதலில் சுமார் 80 செ.மீ. எனச் சொல்லப்பட்டது. ஐயம் எழுந்தபின் 17 முதல் 20 செ.மீ. என்று மாறியது. அது கருவிலிருக்கும் குட்டியாக இருக்கலாம் என்ற விளக்கமும் வந்தது. ஆனால் அறியப்பட்ட மிகச் சிறிய கோப்ளின் சுறாவே ஏறத்தாழ 80 செ.மீ. நீளம். அளவு சிறிதாகச் சிறிதாகச் சுறாவுக்கான வாய்ப்பு தேய்ந்தது, பொம்மைக்கான வாய்ப்பு வளர்ந்தது. படத்தில் அளவுக்கு ஒரு பொருளை அருகில் வைத்திருந்தால், இந்த விவாதம் தொடங்கியே இருக்காது.

‘இப்படித் துருவிக் கேட்டால் ஆர்வமாக அனுப்புபவர்கள் மனம் ஒடிந்துபோவார்களே’ என்பது அடுத்த தயக்கம். படம் அனுப்பியவரைச் சந்தேகிப்பது வேறு, பதிவைச் சரிபார்ப்பது வேறு. கடலோரத்தில் கிடந்த பொருளைச் சுறா என்று நல்லெண்ணத்தோடே ஒருவர் நினைத்திருக்கலாம். பிழையில் பெரும்பங்கு, உடல் இல்லாத ஒரே படத்தைப் போதுமென்று ஏற்றவர்களுடையது. ஓர் உயிரினம் எங்கே வாழ்கிறது என்ற வரைபடத்தில் தவறான புள்ளி ஒன்று விழுந்துவிட்டால், பின்வரும் ஆய்வுகள் அதை உண்மையென எடுத்துக்கொள்ளும். ஒரு தொகுப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போனபின் அதை அழிப்பதும் கடினம்.

கணினிப் படங்கள் நாளுக்கு நாள் மேம்படுகின்றன. விரல் எண்ணிக்கையில் பிழை தேடும் வழி விரைவில் பயனற்றுப் போகும். ஆகவே ஒரே படத்தை உற்றுப் பார்ப்பதைவிட, கூடுதல் படங்களைக் கேட்டு வாங்குவதே நிலைத்த வழி. பக்கவாட்டிலிருந்து ஒன்று, வயிற்றுப் பக்கம் ஒன்று, அளவுக்கு ஒரு நாணயத்தையோ செருப்பையோ வைத்து ஒன்று, சுற்றுப்புறம் தெரியத் தள்ளி நின்று ஒன்று. கூடவே கேமராவில் பதிவான மூலக் கோப்பு, இடம், நேரம். சிலையென்றால் சுற்றுப்புறப் படத்தில் பீடம் தெரியும். ஓவியமென்றால் பக்கவாட்டுப் படமே கிடைக்காது. உயிருள்ள விலங்கு ஓடிவிட்டதால் ஒரே படம்தான் கிடைத்தது என்றால், அதைப் பொய்யென்று தள்ளவும் வேண்டாம், மெய்யென்று பதியவும் வேண்டாம். உறுதியாகாத பதிவு என்று குறித்து வைக்கலாம். பதிவு எவ்வளவு அரியதோ, அவ்வளவு கூடுதலாகச் சான்று கேட்பதே நேர்மை.