மொழி தெரியாத பந்தி

கானாடுகாத்தானில் செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வரும் வெளிநாட்டுத் தம்பதிகள் சிலர், பசித்தால் ஊர் ஹோட்டலிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். மாஸ்டருக்கும் அவர்களுக்கும் பொது மொழி கிடையாது. விவரமான மாஸ்டர் அவர்களை அடுப்படிக்கே அழைத்து, பாத்திரங்களின் மூடியைத் திறந்து காட்டுவார். காய்ந்த மிளகாயைக் காட்டி முகம் சுளித்தால் காரம் என்பது புரிந்துவிடும்.

இலையில் முதலில் இட்லியும் தேங்காய்ச் சட்னியும்தான். பிறகு ஓரத்தில் துளி காரச்சட்னி. கண் கலங்கி மூக்கு ஒழுகினால் காரம் கூடிவிட்டது. அப்போது தண்ணீர் அவ்வளவாக உதவாது. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் தண்ணீரில் எளிதில் கரையாது. ஒரு கரண்டி கெட்டித் தயிர் கொடுக்க வேண்டும். அதிலுள்ள புரதம் காரத்தைப் பற்றி நாக்கிலிருந்து விலக்கும். எரிச்சல் அடங்கிக் கை மறுபடி இலைக்குப் போனால், அடுத்த இட்லியை வைக்கலாம்.